பிளாக் சுவரில் டி.வி.யும் அலமாரியும்: எடையைவிடத் தூரத்தைப் பாருங்கள்

(சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த குடியிருப்போர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சி பிளாக்கில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். அவர்கள் சம்மதித்ததால் சொல்கிறேன். 55 அங்குல டி.வி. வாங்கி, முன்னால் இழுத்து இருபுறமும் திருப்பக்கூடிய மடக்குக் கை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் வீட்டைப் பெருக்கும்போது டி.வி.க்கு நேர் கீழே தரையில் மாவு சிந்தியதுபோல வெள்ளைத் தூள் கிடந்தது. துடைத்துவிட்டார்கள். மறுநாளும் கிடந்தது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டின் இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே, மேல் பக்கத்தில், என் சுண்டுவிரல் நுழைந்தது. அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை டி.வி.க்கு அடியில்தான் உட்கார்ந்து விளையாடும்.

நாங்கள் இரண்டு பேர் பிடித்து டி.வி.யை இறக்கினோம். ஸ்டாண்டை அசைத்தபோது மேல் ஸ்க்ரூ இரண்டும் பிளக்கோடு கையோடு வந்தன. 10 மி.மீ. துளை போட்ட இடத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்குக் குழி இருந்தது. அதனுள்ளே எல்லாம் தூள்.

மாட்டிக் கொடுத்தவர் ஏமாற்றவில்லை. பெட்டியில் வந்த பிளக்கையும் ஸ்க்ரூவையும்தான் போட்டார். கான்கிரீட்டிலோ நல்ல செங்கல்லிலோ அவை தாங்கியிருக்கும். ஆனால் அந்தச் சுவர் ஏ.ஏ.சி. பிளாக். நம் வளாகத்தில் சி, டி பிளாக்குகளின் சுவர்கள் ஏ.ஏ.சி. ஏ, பி பிளாக்குகள் ஹாலோ பிளாக். தூண், பீம், தளம் மட்டுமே கான்கிரீட். ஆகவே இன்று நான் சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில், உங்கள் சுவர் எது என்று தெரிந்துகொள்வது எப்படி? தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். பூச்சுக்கு மேல் தட்டினால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். நம்பத்தக்க வழி ஒரு சோதனைத் துளைதான். அலமாரியோ டி.வி.யோ மறைத்துவிடப்போகிற இடத்தில் 5 அல்லது 6 மி.மீ. பிட்டால், ஹேமரைப் போடாமல், வெறும் சுழற்சியில் ஒரு துளை போடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலோ நேர் கீழோ போடாதீர்கள். ஒயர் குழாய் அந்தக் கோட்டில்தான் வரும். குளியலறையை ஒட்டிய சுவரென்றால் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

முதல் 12 அல்லது 15 மி.மீ. பூச்சு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு பிட் எப்படிப் போகிறது, என்ன தூள் வருகிறது என்று கவனியுங்கள். ஹேமர் இல்லாமலே கேக்கில் கத்தி இறங்குவதுபோல ஒரே சீராகப் போய், லேசான வெளிர்நிற மாவு கொட்டினால் அது ஏ.ஏ.சி. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான தூள் வந்து, 25 முதல் 35 மி.மீ. வரை முரண்டு பிடித்து, பிறகு சட்டென்று பிட் உள்ளே வழுக்கி விழுந்தால் அது ஹாலோ பிளாக். பிட் விழுந்த இடம் பிளாக்கின் குழி. சிவப்புத் தூள் என்றால் செங்கல். சுழற்சியில் கொஞ்சமும் இறங்காமல் பிட் சூடேறினால் நீங்கள் தூணிலோ பீமிலோ நிற்கிறீர்கள். மாட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தூணைத் துளைக்கும்போது கம்பியில் இடித்தால் அழுத்தி வெட்டாதீர்கள். துளையைத் தள்ளிப் போடுங்கள்.

ஏ.ஏ.சி. பிளாக் எப்படிப்பட்ட பொருள்? சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலந்த குழம்பில் சிறிது அலுமினியப் பவுடர் சேர்ப்பார்கள். அது வாயு உண்டாக்கி, இட்லி மாவு போலக் கலவையைப் பொங்க வைக்கும். பிறகு அழுத்த நீராவியில் வேகவைத்துக் கெட்டியாக்குவார்கள். உள்ளே முழுக்கக் காற்றுக் கண்ணறைகள். ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோதான், தண்ணீரில் மிதக்கும். அழுத்தம் தாங்கும் திறன் சதுர மில்லிமீட்டருக்கு 3, 4 நியூட்டன் அளவில் இருக்கும். நம் தூணின் கான்கிரீட்டுக்கு அது 25 அல்லது அதற்கு மேல்.

சாதாரணப் பிளக்கும் இரும்பு ஆங்கர் போல்ட்டும் பிடிப்பது ஒரே தந்திரத்தால்தான். ஸ்க்ரூவை முறுக்க முறுக்க அவை விரிந்து, துளையின் பக்கச் சுவரை நெருக்கி, அந்த நெருக்கத்தால் நிற்கும். கான்கிரீட் அந்த நெருக்கத்தைத் திருப்பித் தள்ளும். ஏ.ஏ.சி.யோ நெருக்க நெருக்கக் கண்ணறை உடைந்து தூளாகும். முறுக்கும்போது இறுகியதுபோலத் தோன்றும். உண்மையில் துளை பெரிதாகிக்கொண்டிருக்கும். இரும்பு ஆங்கர் போல்ட் பெரிதாக, பலமாகத் தெரிவதால் அதையே போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஏ.ஏ.சி.யில் அது பிளாஸ்டிக் பிளக்கைவிட மோசம். வேலையும் சீக்கிரம் கெடும், ஓரமாக இருந்தால் பிளாக்கும் வெடிக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் என்னிடம் கேட்பது, "இந்தச் சுவர் எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்குவது எடை மட்டும் அல்ல. எடை சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது, மாட்டியிருக்கும் தகடு எவ்வளவு உயரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் பிடுங்குகின்றன. எடையை அது சுவரிலிருந்து நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். மேல் ஸ்க்ரூவிலிருந்து தகட்டின் அடி விளிம்பு வரை உள்ள உயரத்தால் வகுங்கள். மேல் வரிசை ஸ்க்ரூக்களைச் சுவர் எவ்வளவு இறுகப் பிடித்திருக்க வேண்டும் என்பது தோராயமாக வந்துவிடும்.

அந்த வீட்டு டி.வி.யையே போட்டுப் பார்ப்போம். டி.வி. 18 கிலோ. மடக்குக் கை 6 கிலோ. கையை முழுதும் இழுத்தால் டி.வி. சுவரிலிருந்து 450 மி.மீ. தள்ளி நிற்கிறது. பெருக்கினால் 8100. கையின் எடை நடுவாக்கில் 200 மி.மீ. தூரத்தில் என்று கொண்டால் 1200. மொத்தம் 9300. தகட்டின் உயரம் 200 மி.மீ. வகுத்தால் சுமார் 46 கிலோ. ஆக 18 கிலோ டி.வி., மேல் ஸ்க்ரூ இரண்டையும் 46 கிலோவுக்கு வெளியே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தை அதைப் பிடித்து 10 கிலோ விசையில் கீழே தொங்கினால் இன்னும் 22 கிலோ சேரும்.

அதே டி.வி.யைச் சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரண ஸ்டாண்டில் மாட்டினால் என்ன ஆகும்? தூரம் 60 மி.மீ. 18 பெருக்கல் 60, 1080. 200 ஆல் வகுத்தால் 5 கிலோ சொச்சம். 46 எங்கே, 5 எங்கே! டி.வி. மாறவில்லை, சுவர் மாறவில்லை.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். 300 மி.மீ. ஆழமுள்ள மேல் அலமாரி. பெட்டியும் பாத்திரங்களும் மளிகையும் சேர்த்து 75 கிலோ என்று வைப்போம். பார்க்கவே பயமாக இருக்கும் எடை. ஆனால் எடையின் நடு சுவரிலிருந்து 150 மி.மீ.யில் இருக்கிறது, மேல் ஸ்க்ரூவிலிருந்து அடி விளிம்பு 600 மி.மீ. கணக்குப் போட்டால் மேல் வரிசையில் பிடுங்கும் விசை 19 கிலோதான். நான்கு ஸ்க்ரூ போட்டால் ஒன்றுக்கு 5 கிலோகூட வராது. கீழ்நோக்கி இறங்கும் 75 கிலோ எடையையும் ஸ்க்ரூக்கள்தான் பகிர்ந்து தாங்க வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று ஸ்க்ரூவோடு நிறுத்தாமல், அலமாரியின் நீளம் முழுக்க ஓடும் இரும்புப் பட்டையையோ ரெயிலையோ எட்டுப் பத்து இடத்தில் பொருத்தி அதில் அலமாரியைத் தொங்கவிடுவது நல்லது. அலமாரியின் மெல்லிய முதுகுப் பலகை வழியாக ஸ்க்ரூ அடித்தால் சுவர் நின்றாலும் பலகை கிழியும்.

புத்தகத் தட்டு இதற்கு நேர்மாறு. 300 மி.மீ. அகலத் தட்டு, 150 மி.மீ. உயரமுள்ள இரண்டு கோணச் சட்டங்கள், மேலே 40 கிலோ புத்தகம். 40 பெருக்கல் 150, வகுத்தல் 150. அப்படியே 40 கிலோ பிடுங்கும். 75 கிலோ அலமாரியைவிட இரு மடங்கு! தட்டு போடுகிறவர்கள் உயரமான சட்டம் வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, ஏ.ஏ.சி.யில் என்ன போடுவது? ஏ.ஏ.சி.க்கென்றே செய்த நைலான் பிளக் கிடைக்கிறது. உடம்பில் திருகுபோலச் சுற்றி வரும் அகன்ற பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகள் பிளாக்குக்குள் வெட்டிக்கொண்டு உட்காரும். நெருக்கத்தை மட்டும் நம்பாது. கடையில் கேட்கும்போது அட்டையில் எந்தெந்தச் சுவருக்கு எத்தனை கிலோ என்று அட்டவணை இருக்கிறதா பாருங்கள். கான்கிரீட்டுக்கு உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏ.ஏ.சி. வரிசையே இல்லையென்றால் அதை வைத்துவிட்டு வாருங்கள். அதில் "பரிந்துரைக்கும் எடை" என்று போட்டிருந்தால் அப்படியே கொள்ளலாம். பிய்ந்து வரும் எடையை மட்டும் போட்டிருந்தால் நான் அதை ஏழால் வகுத்துக்கொள்வேன்.

துளை போடும்போது ஹேமர் கூடாது, சுழற்சி மட்டும். அட்டையில் சொன்ன அளவு பிட். "சும்மா ஒரு சுற்றுப் பெரிசாப் போடு" என்பது வேண்டாம். பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கின் முழு உடம்பும் பூச்சைத் தாண்டி பிளாக்குக்குள் இருக்க வேண்டும். பூச்சு 12 மி.மீ., பிளக் 50 மி.மீ. என்றால் துளை 72 மி.மீ.; கடைசி 10 மி.மீ. தூளுக்கும் ஸ்க்ரூ முனைக்கும். பிளக்கின் வாயைப் பூச்சோடு சமமாக நிறுத்தாமல் உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூவும் அதற்கேற்ற நீளம் வேண்டும்: தகட்டின் தடிமன், பூச்சு, பிளக் மூன்றையும் கூட்டி, இன்னும் சில மில்லிமீட்டர். நம் உள்சுவர்கள் 100 மி.மீ. பிளாக்தான். அதைவிட ஆழமாகப் போனால் அடுத்த அறையின் பூச்சு உதிரும்.

துளையில் உள்ள தூளை ஊதி எடுங்கள். பிளக்கைச் சிறு சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். விரலால் தள்ளியே உள்ளே போனால் துளை பெரிது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கதவு ஓரம், சுவர் மூலை இவற்றிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி இருக்கட்டும். இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அவ்வளவு இடைவெளி விடுங்கள். கடைசி இரண்டு சுற்றை மெஷினால் முறுக்காமல் கையால் முறுக்குங்கள். தகடு சுவரில் படிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று என்று முறுக்கினால் நீங்களே துளையை அரைத்துவிடுவீர்கள்.

ஹாலோ பிளாக் வீட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே கல் பலமானதுதான். ஆனால் 25, 35 மி.மீ. ஓடு மட்டுமே இருக்கிறது, பின்னால் வெற்றிடம். சாதாரணப் பிளக்கின் விரியும் பகுதி அந்த வெற்றிடத்தில் தொங்கும். ஹேமரில் துளைத்தால் இன்னொரு கேடு: ஓட்டின் பின்பக்கம் புனல்போல உடைந்து விழும். வெளியே துளை அழகாகத் தெரியும். உள்ளே பாதி ஓடுதான் மிஞ்சியிருக்கும். அதனால் இங்கும் சுழற்சி மட்டும்தான். நேரம் பிடிக்கும், புதுப் பிட்டாக இருந்தால் போகும்.

எடை குறைந்தவற்றுக்கு, வெற்றிடத்தில் முடிச்சுப் போட்டதுபோல மடங்கிக்கொள்ளும் நைலான் பிளக் போதும். டி.வி., கீசர், அலமாரி போன்றவற்றுக்கு வலைக் குழல் வைத்த கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். துளைக்குள் முதலில் ஒரு வலைக் குழலைச் செருகி, அதன் அடியிலிருந்து தொடங்கி ரெசினை நிரப்பி, மறையுள்ள கம்பியை மெதுவாகத் திருகிச் செருகுவார்கள். ரெசின் வலைக் கண்கள் வழியாகப் பிதுங்கி ஓட்டின் பின்னால் குமிழாக இறுகும். பிறகு அது பிளாக்கோடு ஒன்றாகிவிடும். கவனிக்க வேண்டியவை மூன்று. குழாயின் காலாவதித் தேதி. முதலில் வரும் ரெசின் இரண்டு நிறமாக இருக்கும். ஒரே நிறமாகக் கலந்து வரும்வரை ஒரு காகிதத்தில் பிதுக்கி எறிந்துவிட வேண்டும். மூன்றாவது, குழாயில் வெப்பநிலைக்கு ஏற்ப எழுதியிருக்கும் இறுகும் நேரம் முடியும்வரை எதையும் மாட்டக் கூடாது. வலைக் குழல் இல்லாமல் ரெசினை அடித்தால் அது குழிக்குள் ஒழுகிப் போகும், பணமும் போகும். ஆட்கள் இந்த இடத்தில்தான் சுருக்கு வழி பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அந்தச் சி பிளாக் வீட்டை எப்படிச் சரிசெய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய குழிகளில் மரக்கட்டையும் வெள்ளைச் சிமெண்டும் அடைத்து அதே இடத்தில் மாட்டலாம் என்றார்கள். கூடாது, சுற்றியுள்ள பிளாக் ஏற்கெனவே நொறுங்கியது. ஒட்டி நிற்கும் ஸ்டாண்டுக்கு மாறுங்கள் என்றேன். சாப்பாட்டு மேசையிலிருந்து பார்க்க வேண்டும், கை வேண்டும் என்றார்கள். சுவரின் மறுபக்கம் அவர்கள் வீட்டுப் படுக்கையறை, அங்கே துணி அலமாரி மறைவு. அதனால் சுவரை ஊடுருவும் போல்ட் போட முடிந்தது.

500க்கு 500 மி.மீ.யில், 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று எடுத்தோம். ஸ்டாண்டின் தகட்டை முதலில் பலகையின் நடுவில் போல்ட் நட் போட்டு இறுக்கினோம். நட்டுகள் பலகையின் முதுகில் குழிக்குள் பதிந்திருந்தன. பலகையின் நான்கு மூலைகளிலும், ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, 8 மி.மீ. மறைக்கம்பி சுவரைத் தாண்டி மறுபக்கம் போனது. அங்கே கம்பிக்கு ஒரு சதுர இரும்புத் தகடு வைத்து, பிறகு நட். தகடு இல்லாமல் சின்ன வாஷர் மட்டும் வைத்தால் அது பிளாக்குக்குள் புதைந்துவிடும். நட்டையும் அளவோடுதான் இறுக்கினோம்.

இப்போது அதே கணக்கு. பலகையின் தடிமனும் சேர்த்துப் பெருக்கினால் சுமார் 9700. மேல் கம்பியிலிருந்து பலகையின் அடி வரை 450 மி.மீ. வகுத்தால் 22 கிலோ. முன்பு 46. அந்த 22ம் நொறுங்கும் துளையில் தொங்காமல் மறுபக்கத் தகட்டில் சாய்கிறது. டி.வி.யை மாட்டும் முன், கையை முழுக்க இழுத்து, அதன் நுனியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். கேனோடு 20 கிலோவுக்கு மேல், டி.வி.யைவிட அதிகம். கீழே மெத்தை விரித்து வைத்தோம். பலகையின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு. காலையில் கோடு அப்படியே இருந்தது, பலகைக்கும் சுவருக்கும் நடுவே காகிதம் நுழையவில்லை. அதன் பிறகே மாட்டினோம்.

இந்த ஊடுருவும் வழி இரண்டு பக்கமும் உங்கள் வீடாக இருக்கும் சுவருக்கு மட்டும். பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரிலும் வெளிச்சுவரிலும் கிடையாது. அங்கே உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் பிடிக்கும் ஆங்கரை, ஒட்டி நிற்கும் ஸ்டாண்டோடு போடுங்கள். அல்லது டி.வி.யைத் தரையில் நிற்கும் யூனிட் மேல் வைத்து, சாயாமல் இருக்க மட்டும் சுவரோடு ஒரு பட்டை கட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, டி.வி. தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே செருகிப் பாருங்கள். சமையலறை மேல் அலமாரிக்கும் அப்படியே. நுழைந்தால் இழுபடத் தொடங்கிவிட்டது. கீழே தூள் விழுகிறதா, முன்பு சரியாக மூடிய அலமாரிக் கதவு இப்போது உரசுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்க்ரூவை முறுக்கிப் பார்க்காதீர்கள், ஏ.ஏ.சி.யில் அது சும்மா சுற்றி மிச்சத்தையும் அரைத்துவிடும். முதலில் எடையை இறக்குங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள். டிரில்லிங் மெஷினும் ஏ.ஏ.சி. துண்டு ஒன்றும் என் வீட்டில் இருக்கின்றன. அந்தத் துண்டில் நீங்களே ஒரு துளை போட்டுப் பார்த்தால், நான் இவ்வளவு நேரம் பேசியது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.